மிச்சம் பிடித்தால் யாருக்கு லாபம்?

மின்கம்பி, தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் போன்றவற்றை ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுப் பதிப்பது வீண் செலவு. அதனால் ஒரு பகுதிக்கு ஒரே நிறுவனம் என்ற ஏற்பாடு உலகெங்கும் இருக்கிறது. போட்டியாளர் இல்லாத நிறுவனத்தைத் தன் இஷ்டத்துக்கு விலை வைக்க விட முடியாது. ஆகவே அரசோ, அரசு நியமித்த ஒழுங்குமுறை ஆணையமோ கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அப்படி நிர்ணயிக்கப் பெரிதும் இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்றில் நிறுவனத்தின் செலவைக் கணக்கிட்டு, அதன்மேல் நியாயமான லாபத்தைச் சேர்த்துக் கட்டணம் வகுக்கப்படும். இதை லாப விகித முறை எனலாம். மற்றதில் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அது சில ஆண்டுகளுக்கு மாறாது என்று அறிவித்துவிடுவார்கள். அந்த வரம்புக்குள் நிறுவனம் எவ்வளவு சம்பாதித்தாலும் கேள்வி இல்லை. இது விலை உச்சவரம்பு முறை.

வீடு கட்டுபவர்களுக்கு இந்த வேறுபாடு பழக்கமானது. ஆன செலவுக்கு மேல் இத்தனை சதவீதம் என்று மேஸ்திரியிடம் பேசலாம். சதுர அடிக்கு இவ்வளவு என்றும் பேசி முடிக்கலாம். முதல் வகையில் சிமெண்ட் வீணானால் வீட்டுக்காரருக்கு நஷ்டம், இரண்டாம் வகையில் மேஸ்திரிக்கு நஷ்டம். யாருடைய பணம் வீணாகிறதோ அவர்தான் சிமெண்டைக் கண்காணிப்பார். சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் போட்டவர் சிமெண்டின் அளவையே குறைத்துவிடக்கூடும் என்பதும் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

லாப விகித முறையின் பிறப்பிடம் அமெரிக்கா. தனியார் நிறுவனங்கள் மின்சாரமும் தொலைபேசியும் வழங்கிவந்த அந்நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மாநில ஆணையங்கள் கட்டணத்தை நிர்ணயித்துவருகின்றன. கட்டணத்தை மிகவும் குறைத்தால் அது தனியார் சொத்தைப் பறிப்பதாகும் என்று நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 1944-இல் ஹோப் நேச்சுரல் கேஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவான ஓர் அளவுகோலைத் தந்தது. அதே அளவு ஆபத்துள்ள பிற தொழில்களில் போட்ட பணத்துக்குக் கிடைக்கும் ஆதாயம் இங்கும் கிடைக்க வேண்டும், நிறுவனத்தின் நிதிநிலை கெடாமல் இருக்க வேண்டும், மேலும் மூலதனம் திரட்ட முடிய வேண்டும் என்பது அதன் சாரம். இதனால் முதலீட்டாளருக்கு நிம்மதி கிடைத்தது. குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தது, மின்நிலையங்களும் கம்பித் தடங்களும் பெருகின.

இந்த முறையில் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை ஒரு கற்பனை மின்விநியோக நிறுவனத்தைக் கொண்டு பார்க்கலாம். அதன் சொத்துகளின் மதிப்பு 1,000 கோடி ரூபாய். அதற்கு ஆணையம் அனுமதிக்கும் ஆதாயம் 10 சதவீதம், அதாவது 100 கோடி. சொத்தின் ஆண்டுத் தேய்மானம் 50 கோடி. சம்பளம், பழுதுபார்ப்பு, அலுவலகம் என்று இயக்கச் செலவு 300 கோடி. மொத்தம் 450 கோடி. ஆண்டுக்கு 100 கோடி யூனிட் விநியோகமானால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு வசூலிக்க வேண்டும்.

நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் மெனக்கெட்டு இயக்கச் செலவில் 30 கோடியை மிச்சப்படுத்துகிறார் என்று கொள்வோம். அடுத்த கணக்கெடுப்பில் ஆணையம் செலவை 270 கோடி என்று பதிந்துகொள்ளும், கட்டணம் 4 ரூபாய் 20 காசாகும். நிறுவனத்தின் லாபம் அதே 100 கோடி. மாறாக, 30 கோடி கூடுதலாகச் செலவானால் கட்டணம் 4 ரூபாய் 80 காசாக ஏறும். அப்போதும் லாபம் அதே 100 கோடிதான். மிச்சம் பிடித்தால் பலன் இல்லை, வீணடித்தால் தண்டனையும் இல்லை. செலவைக் குறைப்பது எளிதான வேலையும் அல்ல: ஆட்குறைப்பு பேச வேண்டும், பழைய ஒப்பந்தக்காரர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டும், தொழிற்சங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பலனில்லாத வேலைக்காக இத்தனை தொல்லைகளை யாரும் வலியப்போய் இழுத்துக்கொள்வதில்லை. ஆணையம் வீண் செலவை நிராகரிக்கலாம் என்று சட்டம் சொல்லும். ஆனால் எது வீண் என்று காட்டும் கணக்கு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது முழுதாகத் தெரிவதில்லை.

இதைவிட நுட்பமான ஒரு கோளாறை 1962-இல் ஹார்வி அவெர்ச், லேலண்ட் ஜான்சன் என்ற இரு பொருளியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆதாயம் சொத்தின் மதிப்பின்மீது கணக்கிடப்படுவதால், சொத்தைப் பெருக்கினால் ஆதாயமும் பெருகும். மேலே சொன்ன நிறுவனத்துக்கு 8 சதவீதத்தில் மூலதனம் கிடைக்கிறது, ஆணையம் அனுமதிப்பதோ 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக 100 கோடியைச் சொத்தில் போட்டால், மூலதனத்துக்குரிய 8 கோடி போக ஆண்டுக்கு 2 கோடி கையில் நிற்கும். பழைய துணை மின்நிலையத்தை நல்லபடி பராமரித்தாலே இன்னும் பத்தாண்டு ஓடும் என்றாலும், பராமரிப்புச் செலவில் ஆதாயம் கிடையாது. செலவு மட்டுமே திரும்பி வரும். புதிய மின்நிலையம் கட்டினால் ஆதாயம் உண்டு. ஆகவே ஆள் வைத்துச் செய்யக்கூடியதையும் இயந்திரம் வாங்கிச் செய்யத் தோன்றும், தேவைக்கு மேல் கட்டவும் தோன்றும். அனுமதிக்கப்பட்ட ஆதாயம் மூலதனத்தின் உண்மை விலையைவிட அதிகமாக இருக்கும்போதுதான் இந்த ஆசை எழும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னர் வந்த ஆய்வுகளில் சில இந்தச் சாய்வைத் தரவுகளில் கண்டன, சில காணவில்லை. கோட்பாடு பேசப்பட்ட அளவுக்குச் சான்று உறுதியாக இல்லை என்பதே நேர்மையான கணிப்பு.

இதற்கு ஒரு காரணம், நடைமுறையில் கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்படுவதில்லை. நிறுவனமோ ஆணையமோ விசாரணையைத் தொடங்கினால்தான் திருத்தம் வரும். இரண்டு விசாரணைகளுக்கு நடுவே உள்ள காலத்தில் கட்டணம் அப்படியே நிற்கும். அந்தக் காலத்தில் மிச்சம் பிடித்தது நிறுவனத்துக்கே சேரும். அமெரிக்காவில் 1960-களில் இதுதான் நடந்தது. மின்னுற்பத்தித் தொழில்நுட்பம் மேம்பட்டுச் செலவு இறங்கிக்கொண்டிருந்தது. கட்டண உயர்வு கேட்க நிறுவனங்களுக்குத் தேவை எழவில்லை. விலை ஏறாததால் நுகர்வோரும் புகார் சொல்லவில்லை, ஆணையங்களும் தாமாக எதையும் கிளறவில்லை. பெயரளவில் லாப விகித முறை இருந்தாலும் கட்டணம் நிலையாக நின்றதால் செலவைக் குறைக்கும் ஊக்கம் இருந்தது. 1970-களில் பணவீக்கமும் எண்ணெய் நெருக்கடியும் வந்தபோது நிலைமை தலைகீழானது. நிறுவனங்கள் வரிசையில் நின்று கட்டண உயர்வு கேட்டன. எரிபொருள் விலை ஏறினால் அது தானாகவே கட்டணத்தில் ஏறும் ஏற்பாடுகள் பரவின. இடைவெளி சுருங்கியதும் ஊக்கமும் சுருங்கியது. பொருளியலாளர் பால் ஜாஸ்கோ 1974-இல் இந்த மாற்றத்தை விவரித்து எழுதினார். இரு முறைகளையும் ஒப்பிடுபவர்கள் கைவிடக் கூடாத இழை இது: முறையின் பெயரைவிட, விலை எத்தனை காலம் நிறுவனத்தின் செலவைத் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறது என்பதே ஊக்கத்தைத் தீர்மானிக்கிறது.

அந்த இடைவெளியைத் தற்செயலுக்கு விடாமல் சட்டமாகவே ஆக்கிய நாடு பிரிட்டன். மார்கரெட் தாட்சர் அரசு பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தைத் தனியாருக்கு விற்க முடிவுசெய்தபோது, ஏறக்குறைய போட்டியே இல்லாத அந்த நிறுவனத்தின் விலையை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற கேள்வி எழுந்தது. லாபத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம் என்றது ஒரு யோசனை. பிரதமரின் பொருளாதார ஆலோசகர் ஆலன் வால்டர்ஸ், உற்பத்தியை விரிவாக்கினால் குறையும்படியான ஒரு லாப வரியை முன்வைத்தார். ஆலோசனை கேட்கப்பட்ட பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் லிட்டில்சைல்ட் 1983-இல் அளித்த அறிக்கையில் வேறு வழியைப் பரிந்துரைத்தார். லாபத்தைத் தொட வேண்டாம், விலையை மட்டும் கட்டுங்கள் என்பதே அது. அதன் வாய்ப்பாடு மிக எளியது:

RPI − X

முதல் பகுதி சில்லறை விலைக் குறியீட்டின் ஆண்டு உயர்வு, அதாவது பணவீக்கம். இரண்டாம் பகுதி, நிறுவனம் தன் திறனைக் கூட்டி ஆண்டுதோறும் நுகர்வோருக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய சதவீதம். பணவீக்கம் 5, X 3 என்றால் கட்டணத்தை அந்த ஆண்டு சராசரியாக 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. பணவீக்கம் 2 ஆகக் குறைந்தால் கட்டணத்தை 1 சதவீதம் இறக்க வேண்டும். குறியீடு நாடு முழுவதற்குமான விலைவாசி. நிறுவனம் தன் செலவை வீங்கவைத்து அதை மாற்ற முடியாது. வாய்ப்பாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது.

1984 நவம்பரில் பிரிட்டிஷ் டெலிகாமின் பாதிக்குச் சற்று அதிகமான பங்குகள் விற்கப்பட்டபோது X-இன் மதிப்பு 3. அது ஐந்தாண்டுகளுக்கு. வீட்டு இணைப்பு வாடகை, உள்ளூர், வெளியூர் அழைப்புகள் அடங்கிய தொகுப்புக்கு மட்டுமே வரம்பு இருந்தது. வெளிநாட்டு அழைப்புகள் அப்போது அதில் சேரவில்லை. 1989-இல் X 4.5 ஆனது. 1991-இல் 6.25, 1993-இல் 7.5. எண் இப்படி ஏறியதற்குக் காரணம், செலவு எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்க முடிந்ததுதான். 1990-இல் ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த அதன் பணியாளர் எண்ணிக்கை அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. இந்தக் குறைப்பு முழுவதும் வாய்ப்பாட்டின் சாதனை என்று சொல்லிவிட முடியாது. மின்னணு இணைப்பகங்கள் வந்ததும், போட்டி நிறுவனங்கள் நுழைந்ததும் சேர்ந்தே அதை நிகழ்த்தின. ஆனால் செலவு குறையும்போது அது தன் பைக்கு வரும் என்பது தெரிந்த நிறுவனம் புதிய தொழில்நுட்பத்தையும் ஆட்குறைப்பையும் தள்ளிப்போடாது.

கற்பனை நிறுவனத்தை இந்த முறையில் வைத்துப் பார்த்தால் ஊக்கத்தின் அளவு தெரியும். பணவீக்கத்தை ஒதுக்கிவைப்போம். கட்டணப் பாதை ஐந்தாண்டுகளுக்கு வகுக்கப்பட்டுவிட்டது. முதலாம் ஆண்டின் தொடக்கத்திலேயே 30 கோடி மிச்சப்படுத்தினால் ஆண்டுக்கு 30 கோடி வீதம் ஐந்தாண்டில் 150 கோடி நிறுவனத்துக்கு. ஆறாம் ஆண்டு மறுஆய்வில் ஆணையம் புதிய செலவைப் பார்த்துக் கட்டணத்தை 30 காசு குறைக்கும். அதற்குப் பின் வரும் பலன் எல்லாம் நுகர்வோருக்கு. மிச்சம் என்றென்றும் தொடரும் என்று கொண்டு, எதிர்காலப் பணத்தை ஆண்டுக்கு 6 சதவீதம் கழித்து மதிப்பிட்டால், மொத்தப் பலனில் ஏறத்தாழ கால் பங்கு நிறுவனத்துக்கும் முக்கால் பங்கு நுகர்வோருக்கும் போகிறது. கால் பங்கைக் காட்டி முக்கால் பங்கை வெளிக்கொணர்வது நுகர்வோர் பக்கமிருந்து பார்த்தால் மோசமான பேரம் அல்ல. லாப விகித முறையில் முழுப் பங்கும் அவர்களுக்கே என்றாலும், பங்கு போடுவதற்கு அந்த மிச்சமே பிறக்காமல் போகலாம்.

இதே கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. அந்த 30 கோடியை மிச்சப்படுத்த விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு 70 கோடி செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். முதலாம் ஆண்டில் செய்தால் 150 கோடி வரவு, 70 கோடி செலவு, தாராளமாகச் செய்யலாம். நான்காம் ஆண்டில் செய்தால் மறுஆய்வுக்கு முன் இரண்டு ஆண்டுப் பலன்தான் கிடைக்கும், 60 கோடி. 70 கோடி போட்டு 60 கோடி எடுப்பார் யார்? மேலாளர் இரண்டாண்டு காத்திருப்பார். காத்திருந்தால் இன்னொரு லாபமும் உண்டு: மறுஆய்வின்போது செலவு உயர்வாகத் தெரியும், அடுத்த ஐந்தாண்டுக் கட்டணமும் உயர்வாக அமையும். ஆகவே உச்சவரம்பு முறையில் செலவு முதல் ஆண்டுகளில் சட்டென்று இறங்கி, கடைசி ஆண்டுகளில் இறக்கம் நின்றுபோனால், அல்லது மறுஆய்வுக்கு அடிப்படையாகும் ஆண்டில் மட்டும் செலவு ஏறினால், அது இந்தப் பொறியின் அடையாளம். இதற்குக் கண்டறியப்பட்ட மருந்து எளியது. எந்த ஆண்டில் மிச்சம் பிடித்தாலும், அதிலிருந்து எண்ணி ஐந்தாண்டு அதை வைத்துக்கொள்ளலாம், நடுவே மறுஆய்வு வந்தாலும் பரவாயில்லை என்று விதி செய்வது. பிரிட்டிஷ் தண்ணீர்த் துறையிலும் ஆஸ்திரேலிய மின்துறையிலும் இத்தகைய விதிகள் கொண்டுவரப்பட்டன.

விதியை எழுதுவது ஒன்று, அதை நம்பவைப்பது வேறு. ஐந்தாண்டு தலையிட மாட்டோம் என்ற சொல்லில்தான் உச்சவரம்பு முறையின் ஊக்கம் முழுவதும் தொங்குகிறது. அந்தச் சொல்லுக்கு வந்த சோதனைகளில் பெரியது 1995-இல் பிரிட்டிஷ் மின்துறையில் நேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது மின்துறையின் ஒழுங்குமுறைத் தலைவராக இருந்தவர் அந்த வாய்ப்பாட்டைத் தந்த லிட்டில்சைல்டேதான்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 12 வட்டார மின்விநியோக நிறுவனங்கள் 1990 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தன. விற்பனை வெற்றிபெற வேண்டும் என்ற அக்கறையில் அரசு அவற்றுக்குத் தாராளமான வரம்பை வைத்திருந்தது: பல நிறுவனங்கள் பணவீக்கத்துக்கும் மேலே 2.5 சதவீதம் வரை கட்டணத்தை ஏற்ற முடிந்தது. புதிய முதலீட்டுக்குப் பணம் தேவைப்படும் என்பது காரணம். நிறுவனங்கள் அந்த வருமானத்தை வாங்கிக்கொண்டு செலவை வேகமாகக் குறைத்தன, லாபம் பெருகியது. 1994 ஆகஸ்டில் மறுஆய்வை முடித்த லிட்டில்சைல்ட், விநியோகக் கட்டணத்தை 1995 ஏப்ரலில் நிறுவனத்துக்கு நிறுவனம் 11 முதல் 17 சதவீதம் வரை ஒரேயடியாகக் குறைக்க வேண்டும், அதன் பிறகு X 2 என்று அறிவித்தார். பெரிய வெட்டு என்றுதான் கேட்பதற்குத் தோன்றும். பங்குச் சந்தை அப்படி எண்ணவில்லை; அறிவிப்பு வந்ததும் அந்த நிறுவனங்களின் பங்குகள் ஏறின. ஒழுங்குமுறையாளரைவிடச் சந்தைக்கு நிறுவனத்தின் உண்மைச் செலவு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் டிரஃபால்கர் ஹவுஸ் என்ற குழுமம், வட்டார நிறுவனங்களில் ஒன்றான நார்தர்ன் எலக்ட்ரிக்கைச் சுமார் 120 கோடி பவுண்டுக்கு வாங்க முன்வந்தது. கைப்பற்றலைத் தடுக்க நார்தர்ன் எலக்ட்ரிக் நிர்வாகம் தன் பங்குதாரர்களுக்குப் பங்கு ஒன்றுக்குச் சுமார் 5 பவுண்டு மதிப்புள்ள சலுகைகளை அறிவித்தது. 1990-இல் அந்தப் பங்கு விற்கப்பட்ட விலை 2 பவுண்டு 40 பென்ஸ். விற்ற விலையைப்போல் இரண்டு மடங்கை அள்ளிக் கொடுத்த பிறகும் நிறுவனம் ஓடும் என்று அதன் நிர்வாகமே சொல்லிவிட்டது. ஆணையத்துக்குக் காட்டப்பட்ட ஏழ்மைக்கும் பங்குதாரருக்குக் காட்டப்பட்ட செழிப்புக்கும் இடையே இருந்த தூரம் எல்லோர் கண்ணிலும் பட்டது. 1995 மார்ச் 7 அன்று, புதிய வரம்பு நடைமுறைக்கு வரவிருந்த சில வாரங்களுக்கு முன்பு, லிட்டில்சைல்ட் அதை மீண்டும் பரிசீலிக்கப்போவதாக அறிவித்தார். மின்துறைப் பங்குகள் சரிந்தன. ஜூலையில் வந்த இரண்டாம் முடிவு, 1996 ஏப்ரலில் மேலும் 10 முதல் 13 சதவீதம் வெட்டு, அதன்பின் X 3 என்றது.

இதில் யார் சரி என்பது இன்றும் விவாதத்துக்கு உரியது. முதல் வரம்பை அப்படியே விட்டிருந்தால் நுகர்வோர் ஐந்தாண்டு தேவையற்ற பணம் கொடுத்திருப்பார்கள். மாற்றியதால், அதிகம் மிச்சம் பிடித்தால் பாதியில் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பாடம் நிறுவனங்களுக்குக் கிடைத்தது. 1997-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, தனியார்மயமான பயன்பாட்டு நிறுவனங்களின்மீது ஒருமுறை வரி விதித்து 520 கோடி பவுண்டு வசூலித்தபோது அந்தப் பாடம் இன்னொரு முறை படிக்கப்பட்டது. லாபம் கண்ணை உறுத்தும் அளவுக்குப் போனால் எந்த அரசியல் அமைப்பும் வாக்கைக் காப்பாற்றத் திணறும். நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கினாலும் அப்படியே; மின்சாரமும் தண்ணீரும் நின்றுபோக எந்த அரசும் விடாது. அதனால் நடைமுறை உச்சவரம்பு, ஏட்டில் உள்ளதைவிட எப்போதும் கொஞ்சம் நெகிழ்வானது. மறுஆய்விலும் ஆணையம் X-ஐக் காற்றிலிருந்து எடுப்பதில்லை. சொத்து மதிப்பு, அதற்குரிய ஆதாயம், தேய்மானம், எதிர்பார்க்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டித்தான் புதிய கட்டணத்தை வகுக்கிறது. அதாவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை லாப விகிதக் கணக்கு நுழைந்துவிட்டுப் போகிறது. அமெரிக்க முறை இடைவெளி நீண்டபோது உச்சவரம்பைப்போல் நடந்தது, பிரிட்டிஷ் முறை மறுஆய்வின்போது லாப விகிதத்தைப்போல் நடக்கிறது.

செலவைக் குறைக்கும் ஊக்கம் கூடினால் தரத்தைக் குறைக்கும் ஊக்கமும் கூடும். லாப விகித முறையில் பழுதுபார்ப்புக்கு ஆள் குறைத்து நிறுவனத்துக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உச்சவரம்பில் அது நேராக லாபம். பிரிட்டிஷ் டெலிகாம் தனியார்மயமான மூன்றாண்டுக்குள், 1987-இல், பழுதான பொதுத் தொலைபேசிகளையும் தாமதமான இணைப்புகளையும் பற்றிய புகார்கள் நாடெங்கும் எழுந்தன. விற்பனைக்குப் பின் சேவைத் தர எண்களை வெளியிடுவதை நிறுத்தியிருந்த நிறுவனம், அழுத்தத்தின் பேரில் மீண்டும் வெளியிடத் தொடங்கியது. பழுதைக் குறித்த காலத்தில் சரிசெய்யாவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு என்ற ஏற்பாடு பின்னர் வந்தது. மின்துறையிலும் 1991 முதல் இத்தகைய உத்தரவாதத் தரங்கள் நடைமுறைக்கு வந்தன. தர அளவீடும் அதற்குரிய அபராதமும் இல்லாத உச்சவரம்பு பாதி முறைதான்.

உச்சவரம்பு மூலதனச் சாய்வையும் முழுதாக ஒழிக்கவில்லை. அதன் வடிவத்தை மாற்றியது. இயக்கச் செலவில் பிடித்த மிச்சமும் கட்டுமானச் செலவில் பிடித்த மிச்சமும் வெவ்வேறு விதமாகக் கணக்கிடப்பட்டன. கட்டுமானமாகக் காட்டினால் அது சொத்து மதிப்பில் ஏறி, அடுத்தடுத்த காலங்களிலும் ஆதாயம் தரும். எனவே நிறுவனங்கள் பழுதுபார்ப்பைக்கூடக் கட்டுமானக் கணக்கில் எழுத முனைந்தன. புதிய கட்டுமானத்துக்கு என்று பெரிய திட்டம் காட்டி அதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பிறகு அதைக் கட்டாமல் தள்ளிப்போட்டு, அந்தத் தொகையைத் திறமையால் வந்த மிச்சம் என்று காட்டுவதும் நடந்தது. திறமையால் வந்த மிச்சத்தையும் வேலையைச் செய்யாமல் வந்த மிச்சத்தையும் பிரித்தறிய, பணம் எவ்வளவு செலவானது என்று மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை கிலோமீட்டர் கம்பி மாற்றப்பட்டது, எத்தனை மின்மாற்றிகள் புதுப்பிக்கப்பட்டன என்று பொருளைக் கொண்டு கணக்கெடுக்க வேண்டும். பிரிட்டிஷ் எரிசக்தி ஆணையமான ஆஃப்ஜெம் 2013 முதல் புகுத்திய புதிய முறையில் இயக்கச் செலவும் கட்டுமானச் செலவும் ஒரே மொத்தமாக எடுத்துக்கொள்ளப்பட்டன. மிச்சத்தில் ஒரு பங்கு நிறுவனத்துக்கு, மறுபங்கு உடனடியாக நுகர்வோருக்கு என்று முன்கூட்டியே விகிதமும் வகுக்கப்பட்டது. லாபம் கண்ணை உறுத்தும்வரை காத்திருந்து 1995-ஐப்போல் நடுவே பாய்வதைவிட, பங்கை முதலிலேயே பேசிவிடுவது மேல்.

நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத செலவை என்ன செய்வது என்பது தனிச் சிக்கல். 1986-இல் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்துக்கு வைத்த வரம்பில், அது வாங்கும் எரிவாயுவின் விலை தனியாக நேரே நுகர்வோருக்குக் கடத்தப்பட்டது. உலகச் சந்தை விலைக்கு நிறுவனத்தைத் தண்டிக்கக் கூடாது என்பது நியாயம். ஆனால் எப்படியும் வாங்குபவர் தலையில் ஏறும் என்றால் நல்ல விலை பேசி வாங்கும் அக்கறை மங்கிவிடும். அந்த ஒரு செலவைப் பொறுத்தவரை அது மறுபடியும் லாப விகித முறையே. எல்லாச் செலவையும் நிறுவனத்தின் தலையில் கட்டினால் முதலீட்டாளர் கூடுதல் ஆபத்துக்குக் கூடுதல் ஆதாயம் கேட்பார், மூலதனத்தின் விலை ஏறும். பெரும் கட்டுமானம் தேவைப்படும் துறைகளில் இந்த ஏற்றம் மற்ற மிச்சங்களை விழுங்கிவிடக்கூடும்.

இந்தியாவில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் லாப விகித மரபைச் சேர்ந்தவை. திட்டச் செலவை 70 பங்கு கடன், 30 பங்கு சொந்த மூலதனம் என்று பிரித்து, சொந்த மூலதனத்துக்கு ஆதாயத்தை அந்த விதிகளே அனுமதிக்கின்றன. 2009 முதல் அனல்மின் நிலையங்களுக்கு அடிப்படை விகிதம் 15.5 சதவீதம். ஆனால் ஒரு யூனிட் உற்பத்திக்கு எவ்வளவு வெப்பம், பராமரிப்புக்கு எவ்வளவு பணம் என்பதற்கு முன்கூட்டியே நிர்ணயித்த அளவுகள் உண்டு. அந்த அளவைவிடச் சிக்கனமாக ஓட்டினால் நிலையத்துக்கு ஆதாயம், அதைத் தாண்டினால் நஷ்டம். லாப விகித முறைக்குள் பொதிந்த சிறு உச்சவரம்பு என்று இதைச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் பிறப்பித்த மின்கட்டண ஆணை, மேலோட்டமாகப் பார்த்தால் பிரிட்டிஷ் வாய்ப்பாட்டின் உறவினர்போலத் தோன்றும். 2026-27 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு, அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவு கட்டணம் ஏறலாம் என்றது அது. 2023-இல் 2.18 சதவீதமும் 2024-இல் 4.83 சதவீதமும் அந்தக் கணக்கில் வந்தவை. ஆனால் இதில் கழிக்க வேண்டிய X இல்லை. கட்டணம் தேங்கிக் கடன் சேராமல் தடுப்பதுதான் இதன் நோக்கம், செலவைக் குறைக்கத் தூண்டுவது அல்ல. அதோடு, விநியோக நிறுவனம் அரசுடையது. மிச்சம் பிடித்தால் அதைத் தன் பங்காக எடுத்துக்கொள்ள அங்கு பங்குதாரர் யாரும் காத்திருக்கவில்லை. நஷ்டம் வந்தால் அரசின் மானியமும் கடனும் தாங்கிக்கொள்கின்றன. மிச்சத்தைச் சொந்தமென்று கோர ஒருவர் இருந்தால்தான் உச்சவரம்பு வேலைசெய்யும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், இத்தகைய வாய்ப்பாடு கட்டண உயர்வுக்கான காலண்டராகவே நிற்கும்.

பிரிட்டனும் தன் முறையை அப்படியே விட்டுவைக்கவில்லை. 2013-இல் ஆஃப்ஜெம் ஊக்கத்தைக் கூட்ட விரும்பி, விலை நிற்கும் காலத்தை ஐந்தாண்டிலிருந்து எட்டாண்டாக நீட்டியது. அத்தனை நீண்ட காலத்துக்குச் செலவை யாராலும் சரியாகக் கணிக்க முடியவில்லை, நிறுவனங்களின் லாபம் எதிர்பார்ப்பை மிஞ்சியதாகக் கண்டனம் எழுந்தது. 2021-இல் தொடங்கிய அடுத்த சுற்றில் காலம் மீண்டும் ஐந்தாண்டாகக் குறைக்கப்பட்டது.